மண் பாடத்தை ஒரே தாளுக்குள் கொண்டுவருவது எப்படி

படிவம் நான்கில் வேளாண்மைப் பாடம் எடுத்திருக்கும் அக்கா மகள், ஒரு சனிக்கிழமை காலையில் மணிலா அட்டை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மண் வகை, சத்து, ஏற்ற பயிர் மூன்றையும் பற்றிய அத்தியாயத்தை ஒப்பீட்டு அட்டவணையாகச் சுருக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது பள்ளியில் கொடுத்த வேலை. "ரெண்டு நாளா எழுதினேன் மாமா. இது அட்டவணை இல்ல, புத்தகத்த வெட்டி ஒட்டுன மாதிரி இருக்குன்னு டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள்.

விரித்துப் பார்த்தேன். இடமிருந்து வலமாக ஓடும் வரிசைகள் 6, மேலிருந்து கீழாக இறங்கும் பத்திகள் 7. மொத்தம் 42 கட்டங்கள், எல்லாவற்றிலும் பொடி எழுத்து. 'சத்து' என்ற பத்தியில் மட்டும் கண்ணை ஓட்டினேன். செம்மண்ணுக்கு நேரே 'என்.பி.கே. உரம்' என்றும், களிமண்ணுக்கு நேரே 'வளமானது' என்றும், பீட் மண்ணுக்கு நேரே 'செம்பு இல்லை' என்றும் எழுதியிருந்தாள்.

தனித்தனியே பார்த்தால் மூன்றிலும் தவறில்லை. ஆனால் முதல் கட்டம் என்ன போடவேண்டும் என்று சொல்கிறது, இரண்டாவது மண் எப்படி இருக்கிறது என்று சொல்கிறது, மூன்றாவது எது இல்லை என்று சொல்கிறது. ஒருவரின் வயதையும் இன்னொருவரின் உயரத்தையும் மூன்றாமவரின் ஊரையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு யார் பெரியவர் என்று கேட்டால் எப்படிச் சொல்வது? டீச்சர் சொன்னதன் பொருள் இதுதான்.

கெடாவில் ஒரு தோட்டத்தில் பல வருடம் கிராணியாக இருந்தவன் நான். மண்ணோடும் உரக் கணக்கோடும் காலம் தள்ளியதால் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அன்று அவளோடு உட்கார்ந்து செய்ததை, இந்த வேலையை முதல் தடவை செய்யப்போகிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு உதவப்போகிற பெற்றோருக்கும் ஆகும்படி எழுதுகிறேன்.

கட்டம் போடுவதற்கு முன்

ஸ்கேலை எடுக்காதீர்கள். முதலில் ஒரு சாதாரணத் தாளில், அத்தியாயத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்.

விடவேண்டியதில் பெரியது சத்துப் பகுதியில் இருக்கிறது. பயிருக்குத் தேவையான தனிமங்கள் 16 என்று சில நூல்களில் இருக்கும், நிக்கலையும் சேர்த்து 17 என்று சிலவற்றில் இருக்கும். இவற்றில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருபவை. மண்ணுக்கு மண் அவை மாறுவதில்லை. மாறாத ஒன்றுக்கு ஒப்பீட்டு அட்டவணையில் வேலை கிடையாது, எடுத்துவிடலாம். மிச்சமுள்ள 13, 14 தனிமங்களுக்கும் ஆளுக்கொரு பத்தி போடுவதும் வீண்தான். ஐந்து மண்ணுக்கு 13 பத்தி என்றால் 65 கட்டம் ஆகிறது. அதில் முக்கால்வாசி 'குறைவு, குறைவு, நடுத்தரம்' என்று போகும், படிக்கிறவருக்கு ஒன்றும் தங்காது. ஒரு மண்ணில் எது முதலில் பற்றாமல் போகிறது, ஏன் போகிறது என்று ஒரே ஒரு பத்தி வைத்தால் போதும்.

மண் வகையில் ஐந்து எடுத்தோம். தீபகற்பத்தின் உள்நாட்டுச் செம்மண், கடலோரக் களிமண், அமிலச் சல்பேட் மண், பீட் மண், கிழக்குக் கரையோரத்து பிரிஸ் மணல் ஆகியவை. பீட் மண்ணுக்கு மலாயில் தானா கம்புட், களிமண்ணுக்குத் தானா லியாட். தேர்வில் எழுதப்போவது மலாயில் என்பதால் மண் பெயருக்குக் கீழே மலாய்ப் பெயரையும் எழுதச் சொன்னேன். காரணங்களை மட்டும் தமிழில் எழுதட்டும். யோசிப்பது தமிழில் என்றால் காரணமும் தமிழில் இருப்பதே சௌகரியம். ஆறாவதாக அவள் எழுதியிருந்த லேட்டரைட்டை வேண்டுமென்றே வெளியே வைத்தேன். அது ஏன் என்று கடைசியில் வரும்.

பத்திக்குத் தலைப்பு வேண்டாம், கேள்வி வையுங்கள்

'தன்மை', 'சத்து', 'பயிர்' என்று தலைப்பு வைத்தால் எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள். அதே இடத்தில் ஒரு கேள்வியை வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கான பதில் மட்டும்தான் உள்ளே நுழையும். நாங்கள் ஐந்து கேள்வி வைத்தோம்.

முதலாவது, இந்த மண் எதனால் ஆனது? இரண்டாவது, மழை பெய்தால் தண்ணீர் என்ன ஆகிறது? மூன்றாவது, பி.எச். எவ்வளவு? நான்காவது, எது முதலில் பற்றாமல் போகிறது, ஏன்? ஐந்தாவது, எந்தப் பயிர் வரும், என்ன நிபந்தனையில்?

இந்த வரிசையை மாற்றவேண்டாம். எதனால் ஆனது என்று தெரிந்தால் தண்ணீர் நிற்குமா ஓடுமா என்று தெரியும். தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எது கரைந்து போயிருக்கும், அமிலம் ஏன் கூடியது என்று தெரியும். அதை வைத்துப் பற்றாக்குறையைச் சொல்லலாம், பற்றாக்குறையை வைத்துப் பயிரைச் சொல்லலாம். ஒரு கட்டம் மறந்துபோனாலும் இடது பக்கத்துக் கட்டத்திலிருந்து அதை மீட்டுக்கொண்டு வரலாம். ஒரு வரிசையை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது புரியும்.

செம்மண் வரிசை

பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். அந்தக் கருங்கல் வெயிலிலும் மழையிலும் ஊறிச் சிதைந்து உண்டான மண்ணில்தான் பாலிக் பூலாவ் சரிவுகளில் டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் நிற்கின்றன. கருங்கல்லிலிருந்து வந்த இந்த வகைச் செம்மஞ்சள் மண்ணை நம் நாட்டு மண் கணக்கில் ரெங்கம் தொடர் என்கிறார்கள்.

முதல் கட்டத்தில் 'சிதைந்த கருங்கல். களியும் பருமணலும்' என்று எழுதினோம். இதைக் கையாலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி முன்னே தள்ளுங்கள். 5 செ.மீ.க்கு மேல் உடையாமல் நீண்டால் நல்ல களிமண். இரண்டரை செ.மீ. கூட வராமல் அறுந்தால் களி குறைவு. உருண்டையாகவே பிடிபடாவிட்டால் மணல். சரிவிலிருந்து கொஞ்சம் மண், கீழே இருக்கும் நெல்வயலின் வரப்பிலிருந்து கொஞ்சம் மண் என்று இரண்டு பையில் கொண்டுவந்து தள்ளிப் பார்த்தோம். வயல் மண் பல்பசை மாதிரி வழுவழுவென்று நீண்டது. சரிவு மண் ஓரளவு நீண்டாலும் விரலுக்கடியில் சீனி நெரிவதுபோல் நறநறத்தது. சிதையாமல் மிஞ்சிய படிகக்கல் துணுக்குதான் அது.

இரண்டாவது கட்டம் தண்ணீர். சரிவு, பருமணல் கலந்த மண், வருடம் முழுக்க மழை. தண்ணீர் உள்ளே இறங்கி ஓடிவிடுகிறது, 'நன்றாக வடியும்'. மூன்றாவது கட்டம் அதிலிருந்தே பிறக்கிறது. எத்தனையோ காலமாக அப்படி இறங்கிய மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது, அந்த இடங்களை அமிலம் பிடித்துக்கொண்டது. பி.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். பி.எச். எண் ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை அட்டவணையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். 5-க்கும் 4-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது கட்டம்தான் இந்த வரிசையின் உயிர். கரையக்கூடியது எல்லாம் போனபிறகு இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிட்டன. மண்ணுக்குச் சிவப்பு வந்தது அதனால்தான். அதே ஆக்சைடுகள் பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போட்ட உரம் மண்ணிலேயே இருக்கும், வேருக்குக் கிடைக்காது. ஆகவே 'பாஸ்பரஸ்: பூட்டப்படுகிறது, மக்னீசியம்: கரைந்து போகிறது'. இரண்டும் பற்றாக்குறைதான், ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. 'குறைவு' என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

தோட்டத்தில் கன்று நடும்போது குழிக்குள்ளேயே கிறிஸ்துமஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட் தூளைப் போடுவோம். தண்டலாக இருந்த என் அப்பா காலத்திலும் அதே பழக்கம்தான். பாஸ்பரஸ் மண்ணில் நகர்வது மிகக் குறைவு, அதனால் வேர் வரப்போகிற இடத்திலேயே வைத்துவிடவேண்டும். பாறைப் பாஸ்பேட் கரைவதற்கு அமிலம் வேண்டும், அது இந்த மண்ணில் தாராளமாக இருக்கிறது. குறை என்று நினைத்த அமிலமே இங்கே கைகொடுக்கிறது.

ஐந்தாவது கட்டத்தில் ரப்பர், செம்பனை, டுரியான் முதலான பழமரங்கள். நிபந்தனை என்ன? அக்கா மகள் சட்டென்று 'சுண்ணாம்பு' என்றாள். பிள்ளைகள் செய்யும் பொதுவான தவறு இது. அமிலம் என்று படித்ததும் எல்லா வரிசையிலும் சுண்ணாம்பை எழுதிவிடுகிறார்கள். ரப்பரும் செம்பனையும் அமிலத்தைப் பொறுத்துக்கொள்கிற பயிர்கள், பி.எச். நாலரையில் அவை பாட்டுக்கு வளரும். அதே மண்ணில் சோளமோ காய்கறியோ போடுவதானால் சுண்ணாம்பு வேண்டும். ஆகவே நிபந்தனை பயிரோடு சேர்ந்தது, மண்ணோடு மட்டும் சேர்ந்தது இல்லை. 'மரப்பயிர்: குழியில் பாஸ்பேட், பிறகு மக்னீசியம். சோளம், காய்கறி: சுண்ணாம்பும்' என்று எழுதினோம்.

பீட் மண்: 'வளமானது' என்ற பொறி

அத்தியாயத்தின் முன்பகுதியில் மக்கிய பொருள் மண்ணுக்கு நல்லது என்று இருக்கும். பின்பகுதியில் பீட் மண் என்றால் ஏறக்குறைய முழுக்க மக்கிய பொருள்தான் என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால், பீட் மண்தான் எல்லாவற்றிலும் வளமானது என்று வரவேண்டும். 'தன்மை' பத்தியில் அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். மக்கு நல்லது என்பது கனிம மண்ணோடு அது கலந்திருக்கும்போது பொருந்துகிற பேச்சு. பீட்டில் கலப்பதற்குக் கனிம மண்ணே கிடையாது. சதுப்பில் விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் பாதி மக்கிக் கிடப்பதுதான் பீட். பாறையிலிருந்து வரவேண்டிய தாதுக்கள் அதில் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சம் செம்பையும் மக்குப் பொருளே இறுகப் பிடித்துக்கொள்ளும். பி.எச். 3-லிருந்து 4 வரைதான்.

கேள்வி வரிசைப்படி போனால் கட்டங்கள் தாமாக நிரம்புகின்றன. எதனால் ஆனது என்றால் பாதி மக்கிய செடிகொடி. தண்ணீர் தேங்கி நிற்கும். பி.எச். 3-4. முதலில் பற்றாதவை செம்பு, துத்தநாகம், பொட்டாசியம். காரணம், தாது மண் இல்லை என்பதும், செம்பை மக்கு பிடித்துக்கொள்கிறது என்பதும். பயிரில் முதலாவது அன்னாசி. அமிலத்தைத் தாங்கும், மேலோட்டமான வேர் போதும். ஜொகூரில் பீட் நிலங்களில் அன்னாசி பரந்து கிடப்பது இதனால்தான். சரவாக்கின் முக்காவில் சாகோ பனை. செம்பனையும் வரும், ஆனால் நிபந்தனை கூடுதல்.

அந்த நிபந்தனையைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும். பீட்டில் செம்பனை போட வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்குவார்கள். தண்ணீர் இறங்கியதும் அதுவரை மக்காமல் கிடந்தது காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும், நிலம் வருடாவருடம் அமுங்கும். வேர் வெளியே தெரியவரும், பிடிமானம் போய் மரம் சாயும். பீட் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். நேராக நட்ட வரிசையில் ஒரு மரம் இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, குருத்து மட்டும் மறுபடி வானத்தைப் பார்த்து வளைந்து நிற்கும். தண்ணீரைத் தேவைக்கு மேல் இறக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. கட்டத்தில் 'செம்பனை: தண்ணீரை அளவாக வடித்தால்' என்று போட்டோம்.

களிமண்ணும் அதன் பொல்லாத உடன்பிறப்பும்

கடலோரக் களிமண்ணில் சத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லை. கடலும் ஆறும் கொண்டுவந்து படியவைத்த நயமான வண்டல், சத்தைப் பிடித்துவைக்கும் திறன் செம்மண்ணின் களியைவிட இதில் பல மடங்கு அதிகம். சிலாங்கூர் தொடர் என்பது இந்த வகை. இங்கே தொல்லை தண்ணீர்.

அவள் எழுதியிருந்த பயிர்க் கட்டம் 'நெல், தென்னை, கொக்கோ, செம்பனை' என்று இருந்தது. நாலும் சரி, ஆனால் ஒரே வயலில் அல்ல. நெல்லுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும், மற்ற மூன்றுக்கும் வடியவேண்டும். செபராங் பிறையில் நெல்வயலையும் செம்பனையையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். மண் ஒரே ரகமாக இருந்தாலும் ஒன்றில் வரப்பு கட்டியிருக்கும், இன்னொன்றில் வாய்க்கால் வெட்டியிருக்கும். பயிர்க் கட்டத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தோம். மேலே 'தண்ணீர் நின்றால் நெல்', கீழே 'வடித்தால் செம்பனை, தென்னை, கொக்கோ'.

அடுத்த வரிசை அமிலச் சல்பேட் மண். இதை எப்போதும் களிமண்ணுக்கு நேர் கீழே வையுங்கள், தள்ளி வைக்காதீர்கள். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே கடலோரக் களிதான். ஆனால் இதன் அடியில், சதுப்புக் காடு இருந்த காலத்தில் உண்டான பைரைட் என்ற இரும்புக் கந்தகப் பொருள் இருக்கிறது. தண்ணீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. வாய்க்காலை ஆழமாக வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். பி.எச். 3.5-க்கும் கீழே போய்விடும். அலுமினியம் கரைந்து வந்து வேர்நுனியைக் கருக்கும். வெட்டிப் போட்ட வாய்க்கால் கரையில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஆக, மேல் வரிசையில் மருந்தாக இருந்த வாய்க்கால் கீழ் வரிசையில் விஷமாகிறது. இந்த ஒரு முரணை எதிரெதிரே காட்டத்தான் ஒப்பீட்டு அட்டவணை என்ற வடிவமே வேண்டியிருக்கிறது. அத்தியாயத்தில் இரண்டும் பல பக்க இடைவெளியில் இருப்பதால் யார் கண்ணிலும் இது படுவதில்லை. நிபந்தனையில் 'பைரைட் படிவத்துக்கு மேலேயே தண்ணீர் மட்டம் நிற்கவேண்டும். சுண்ணாம்பு வேண்டும்' என்று எழுதினோம். நெல்லுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. வயலில் தண்ணீர் கட்டிச் சில வாரம் ஆனால் அமில மண்ணின் பி.எச். மேலே ஏறி நடுநிலையை நோக்கி வரும்.

பிரிஸ் மணலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கிளந்தான், திரெங்கானு, பகாங் கடலோரத்தில் மணல்மேடும் இடையிடையே பள்ளமுமாக இருப்பது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மணல், தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. நைட்ரஜனும் பொட்டாசியமும் ஒரு நல்ல மழைக்கே கீழே போய்விடும். ஆகவே உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடவேண்டும். தென்னை, முந்திரி, தண்ணீர் பாய்ச்சினால் தர்பூசணி.

இலையைப் பார்த்துச் சொல்ல ஒரு பட்டை

சத்துப் பகுதியில் பற்றாக்குறை அறிகுறிகளும் இருக்குமே, அதை எங்கே வைப்பது? மண் அட்டவணைக்குள் திணிக்கவேண்டாம். அறிகுறி மண்ணைச் சேர்ந்ததல்ல, செடியைச் சேர்ந்தது. தாளின் அடியில் தனியாக ஒரு பட்டை வரைந்து இரண்டே பாகமாகப் பிரியுங்கள்.

செடிக்குள் இடம் மாறக்கூடிய சத்துகள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம். இவை பற்றாவிட்டால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் அறிகுறி பழைய இலையில் தெரியும். நைட்ரஜன் என்றால் இலை முழுவதும் வெளுக்கும், பொட்டாசியம் என்றால் விளிம்பு தீய்ந்ததுபோல் ஆகும், மக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாக இருக்க நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். பாஸ்பரஸுக்குச் செடி குட்டையாகி இலை கரும்பச்சையாகவோ ஊதாச் சாயலோடோ இருக்கும். இடம் மாற முடியாதவை கால்சியம், போரான், இரும்பு போன்றவை. பழைய இலையில் இருப்பது அங்கேயே மாட்டிக்கொள்வதால் புதிய இலையும் குருத்தும்தான் முதலில் கெடும்.

இதற்கும் விலக்கு உண்டு. பீட்டில் நிற்கும் செம்பனைக்குச் செம்பு பற்றாவிட்டால் மஞ்சள் நடு மட்டைகளில் தெரியும். பட்டையின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு அதைக் குறித்துக்கொண்டோம்.

முடிந்த தாள்

இதெல்லாம் ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் வைத்தால் அடங்கிவிடும். மணிலா அட்டை தேவைப்படவில்லை. ஒரு கட்டத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அவளுடைய தாள் இப்படி வந்தது:

| மண் | எதனால் ஆனது? | தண்ணீர்? | பி.எச். | முதலில் பற்றாதது, ஏன்? | பயிர், நிபந்தனை |
|---|---|---|---|---|---|
| செம்மண் | சிதைந்த கருங்கல். களி, பருமணல் | நன்றாக வடியும் | 4-5 | பாஸ்பரஸ் (பூட்டு). மக்னீசியம் (கரைவு) | ரப்பர், செம்பனை, டுரியான்: குழியில் பாஸ்பேட். சோளம்: சுண்ணாம்பும் |
| கடலோரக் களிமண் | கடல், ஆற்று வண்டல் | தேங்கும் | செம்மண்ணைவிட மேல் | சத்துத் தட்டு குறைவு. வேருக்குக் காற்று பற்றாது | நின்றால் நெல். வடித்தால் செம்பனை, தென்னை, கொக்கோ |
| அமிலச் சல்பேட் | களி, அடியில் பைரைட் | தேங்கும். வடித்தால் அமிலம் | வடித்தபின் 3.5-க்குக் கீழ் | பாஸ்பரஸ், கால்சியம். அலுமினிய நஞ்சு | நெல், செம்பனை: தண்ணீர் மட்டம் உயரே, சுண்ணாம்பு |
| பீட் | பாதி மக்கிய செடிகொடி | தேங்கும் | 3-4 | செம்பு, துத்தநாகம், பொட்டாசியம் (தாது இல்லை) | அன்னாசி, சாகோ. செம்பனை: அளவாக வடித்தால் |
| பிரிஸ் மணல் | ஏறக்குறைய முழுக்க மணல் | உடனே இறங்கும் | அமிலம் | எல்லாமே. முக்கியமாக நைட்ரஜன், பொட்டாசியம் (கரைவு) | தென்னை, முந்திரி. தர்பூசணி: நீர்ப்பாசனம், உரம் பல தவணை |

களிமண்ணின் பி.எச். கட்டத்தில் எண் இல்லாததை அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். கடலோரக் களி இடத்துக்கு இடம் நிறைய மாறும் என்பதால் ஒப்பீட்டுச் சொல்லே போதும் என்று விட்டுவிட்டேன். உங்கள் பாடநூலில் எண் கொடுத்திருந்தால் அதைப் போடுங்கள், தேர்வுக்கு அதுதான் கணக்கு.

தாள் சரியாக வந்திருக்கிறதா?

பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு பத்தியை மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படிப்பது. கேள்வியைச் சொல்லிவிட்டு ஐந்து கட்டத்தையும் வரிசையாகப் படித்தால், வேறு கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டம் காதிலேயே இடறும். 'எது முதலில் பற்றாது?' என்ற கேள்விக்கு 'என்.பி.கே. உரம்' என்று பதில் வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

மற்றது கடைசி இரண்டு பத்தியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, முதல் மூன்றை மட்டும் பார்த்து மிச்சத்தைச் சொல்லிப் பார்ப்பது. சொல்ல வராத வரிசையில் ஒரு காரணம் விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு அமிலச் சல்பேட் வரிசை இப்படித்தான் மாட்டியது. முதல் தடவை 'கடலோரக் களி' என்று மட்டும் எழுதி, பைரைட்டை விட்டிருந்தாள். மறைத்துச் சொல்லச் சொன்னபோது 'வாய்க்கால் வெட்டணும்' என்றாள். பைரைட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தபிறகுதான் வரிசை நிமிர்ந்தது.

தாளின் மூலையில் ஒரு எச்சரிக்கையும் எழுதவேண்டும். பயிரைத் தீர்மானிப்பது மண் மட்டும் அல்ல. சரிவு, மழை, உயரம் எல்லாம் சேரும். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் வருவது மண்ணால் அல்ல, குளிரால்.

அப்புறம் அந்த லேட்டரைட். தாளில் ஆறாவதாக ஒரு வெற்று வரிசை விட்டு, புத்தகத்தை மூடச் சொன்னேன். மலாக்கா தொடர் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே துருப்பிடித்த இரும்பு நிறத்தில் கூழாங்கல் மாதிரி கட்டிகள் நெருக்கமாக வரும், இந்த ஒன்றுதான் உனக்குத் தெரியும், மிச்சத்தை நீயே போடு என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "கல்லுதான் நெறைய, மண்ணு கொஞ்சம். அப்ப தண்ணி நிக்காது, சீக்கிரம் காயும்" என்று இரண்டாவது கட்டத்தை எழுதினாள். செம்மண்ணைப் போலவே மழையில் கழுவப்பட்டது என்பதால் மூன்றாவதில் 'அமிலம்'. பயிரில் 'ரப்பர்: கல் அடுக்கு ஆழத்தில் இருந்தால்' என்றாள். நான்காவது கட்டத்துக்கு வந்தபோது மட்டும் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"துரு நெறம்னா இரும்புதானே மாமா? அப்ப இங்கயும் பாஸ்பரஸ் பூட்டிக்குமா?"

"பூட்டிக்கும். எழுது" என்றேன்.